கட்டணப் பள்ளிப் பிள்ளைகள் நன்றாகப் படிப்பது பள்ளியாலா, வீட்டாலா?

செந்தூல் அம்மா | 12 அக்டோபர் 2024

என் மகள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில், கடைவீட்டின் இரண்டு மாடிகளில் ஒரு தனியார் பள்ளி நடக்கிறது. மாதம் 650 மலேசிய வெள்ளி. பெரிய அனைத்துலகப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. பொறுப்பாளர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். அதில் அவர்களின் மாணவர்கள் அரசாங்கப் பள்ளி மாணவர்களைவிட ஆங்கிலத்திலும் கணக்கிலும் வெகுவாக முன்னே நிற்கிறார்கள். குறைந்த கட்டணத் தனியார் பள்ளிகளே சிறந்தவை என்று இந்தியாவில் ஆய்வு செய்து நிறுவிவிட்டதாகவும் சொன்னார். உண்மைதானா? 2025 பிப்ரவரியில் புதிய பள்ளியாண்டு தொடங்குகிறது. அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

பட்டர்வொர்த் கணக்காசிரியர் | 12 அக்டோபர் 2024, இரவு

அந்த வரைபடத்தை ஒதுக்கி வையுங்கள். அதில் பொய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கேள்விக்கான விடை அதில் இல்லை, அவ்வளவுதான்.

மாதம் 650 வெள்ளி கட்டக்கூடிய வீடு எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். தாயோ தந்தையோ படித்திருப்பார். மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுக்க யாராவது இருப்பார்கள். டியூஷனும் இருக்கும். அந்தப் பிள்ளை தமிழ்ப்பள்ளியிலேயே இருந்திருந்தாலும் முன்னேதான் நின்றிருக்கும். இரண்டு பள்ளிகளின் மதிப்பெண்களை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு நாம் இரண்டு வகை வீடுகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதைப் பிரித்துப் பார்க்க நம்பகமான வழி குலுக்கல். அதை ஆந்திராவில் செய்தார்கள். 180 கிராமங்கள். தனியார் பள்ளிக்குப் போக விரும்பும் ஏழைப் பெற்றோரிடம் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு, சீட்டு விழுந்த பிள்ளைகளின் கட்டணத்தைத் திட்டமே செலுத்தியது. சீட்டு விழாத பிள்ளைகளில் பெரும்பாலோர் அரசுப் பள்ளியிலேயே தொடர்ந்தார்கள். இரு தரப்புப் பெற்றோருமே விண்ணப்பம் போட்டவர்கள். எனவே அக்கறையிலும் ஆசையிலும் வருமானத்திலும் இரண்டு கூட்டமும் ஒன்றுதான். நான்கு ஆண்டுகள் கழித்து இருவரையும் ஒரே தேர்வில் உட்கார வைத்தால் தெரியும் வேறுபாட்டுக்கு வீடு காரணமாக முடியாது.

கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015இல் அந்த முடிவை வெளியிட்டார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் வேறுபாடு இல்லை, நான்கு ஆண்டுக்குப் பிறகும் இல்லை.

பத்துமலை அடிவாரம் | 13 அக்டோபர் 2024

என் மகனைச் சீனப்பள்ளிக்கு அனுப்பினேன். முதல் இரண்டு ஆண்டு அழுதான். இன்று மூன்று மொழி பேசுகிறான். தமிழ்ப்பள்ளியா சீனப்பள்ளியா என்று தயங்குவோர் தயங்கவே வேண்டாம்.

செந்தூல் அம்மா | 13 அக்டோபர் 2024

அண்ணா, என் கேள்வி சீனப்பள்ளி பற்றியது அல்ல. சீனப்பள்ளிக்கும் கட்டணம் இல்லையே. நான் கேட்பது கட்டணம் கட்டிப் போகும் பள்ளியைப் பற்றி.

பிறை வாசகர் | 13 அக்டோபர் 2024

கணக்காசிரியர் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். அதே ஆய்வில், தனியார் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு அரசுப் பள்ளியில் ஆவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே கல்வியை மூன்றில் ஒரு பங்குச் செலவில் தர முடிகிறது என்றால் அரசாங்கம் எதற்காகப் பள்ளி நடத்த வேண்டும்? பணத்தைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். தொழில் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பட்டர்வொர்த் கணக்காசிரியர் | 13 அக்டோபர் 2024, இரவு

செலவுக் கணக்கு சரி. அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டது என் பிழை.

ஆனால் அந்தக் குறைந்த செலவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அங்கே தனியார் பள்ளி ஆசிரியரின் சம்பளம் அரசு ஆசிரியரின் சம்பளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. படிப்பும் பயிற்சியும் குறைவு, பெரும்பாலும் அந்த ஊர் இளம்பெண்கள். ஆனால் அவர்கள் பள்ளிக்கு வருகிறார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்த்த நாட்களில் அரசு ஆசிரியர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பள்ளியில் இல்லை. தனியார் பள்ளிகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வராமல் இருந்தார்கள்.

இப்போது செந்தூலுக்கு வருவோம். நான் மூன்று தமிழ்ப்பள்ளிகளில் 22 ஆண்டுகள் வேலை செய்தேன். நான்கில் ஓர் ஆசிரியர் வராத நாளை நான் கண்டதில்லை. ஒருவர் விடுப்பு எடுத்தால் மாற்று ஆசிரியர் பட்டியல் காலை ஏழரைக்குள் பலகையில் ஒட்டப்பட்டுவிடும். ஆந்திராவில் தனியார் பள்ளிக்கு இருந்த முதல் அனுகூலம் ஆசிரியர் வகுப்பில் இருப்பது. இங்கே இரண்டு பக்கமும் அது இருக்கிறது. அப்படியென்றால் அந்த 650 வெள்ளி எதை வாங்குகிறது?

இளம்பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாகிஸ்தானின் பஞ்சாபில் அந்திராபி, தாஸ், குவாஜா மூவரும் கிராமம் கிராமமாக ஆராய்ந்தார்கள். அரசாங்கம் முன்பே பெண்களுக்கு உயர்நிலைப்பள்ளி கட்டியிருந்த ஊர்களில் பிற்பாடு தனியார் பள்ளி முளைக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு. படித்த பெண்கள் ஊரிலேயே இருந்தார்கள், வெளியூர் வேலைக்குப் போக வழியில்லை, குறைந்த சம்பளத்துக்கு ஆசிரியை ஆனார்கள். அரசுப் பள்ளி விதைத்ததைத்தான் தனியார் பள்ளி அறுத்தது. அரசாங்கம் விலகிக்கொண்டால் அடுத்த தலைமுறை ஆசிரியைகள் எங்கிருந்து வருவார்கள், பிறை வாசகரே?

பிறை வாசகர் | 14 அக்டோபர் 2024

அந்தப் பாகிஸ்தான் செய்தி எனக்குத் தெரியாது. யோசிக்கிறேன். ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு என்பது சிறிய விஷயம் அல்ல.

ஏர் ஈத்தாம் | 15 அக்டோபர் 2024

நான் பொருளியல் பாடம் எடுக்கிறவள். கணக்காசிரியர் ஐயாவை ஓரிடத்தில் திருத்த வேண்டும். "தெலுங்கிலும் கணக்கிலும் வேறுபாடு இல்லை" என்பது சரி. ஆனால் அங்கேயே நின்றால் ஆய்வு தலைகீழாகிவிடும்.

ஆய்வாளர்கள் கால அட்டவணையை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். தனியார் பள்ளிகள் தெலுங்குக்கு 40 விழுக்காடும் கணக்குக்கு 32 விழுக்காடும் குறைவான நேரத்தையே ஒதுக்கியிருந்தன. அப்படியிருந்தும் பிள்ளைகள் அந்த இரண்டிலும் பின்தங்கவில்லை. மிச்சமான நேரம் ஆங்கிலத்துக்கும் அறிவியல், சமூகப் பாடங்களுக்கும் இந்திக்கும் போனது. இந்தியில் சீட்டு விழுந்த பிள்ளைகள் மிகத் தெளிவாக முன்னே இருந்தார்கள், ஏனென்றால் அந்த அரசுப் பள்ளிகளில் இந்தி தொடக்கநிலையில் இல்லை. ஆங்கிலத்தில் சிறு ஏற்றம்தான், அதையும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு.

ஆக, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கற்றார்கள் என்று பார்த்தால் தனியார் பள்ளி மேல். நான்கு ஆண்டின் முடிவில் பிள்ளைக்குத் தாய்மொழியும் கணக்கும் எவ்வளவு தெரியும் என்று பார்த்தால் இரண்டும் சமம். எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

பட்டர்வொர்த் கணக்காசிரியர் | 15 அக்டோபர் 2024, இரவு

ஒப்புக்கொள்கிறேன். 12ஆம் தேதி நான் எழுதியதை இந்தத் திருத்தத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இது என்னை வேறொரு நினைவுக்குக் கொண்டுபோகிறது. சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

என் தங்கை திருவண்ணாமலைப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். 2017இல் அவள் மகன் முதல் வகுப்பில் சேரும்போது, ஆங்கில வழித் தனியார் பள்ளியில் போடு, கட்டணத்தை நான் அனுப்புகிறேன் என்றேன். ஆண்டுக்கு 14,000 ரூபாய். என் வருமானத்துக்கு அது பெரிதல்ல. நான் இங்கே தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பிள்ளை தாய்மொழியில்தான் முதலில் கற்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டங்களில் பேசியவன். தங்கை மகனுக்கு மட்டும் வேறு யோசனை சொன்னேன்.

2019 டிசம்பரில் போனேன். பையன் மூன்றாம் வகுப்பு. ஆங்கிலப் பாட்டைத் தடையில்லாமல் ஒப்பித்தான். கணக்கு நோட்டில் எல்லாம் சரி, சிவப்பு மையில் எல்லாவற்றுக்கும் குறி. நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: "முருகனிடம் 43 மாங்காய் இருந்தது. 17 மாங்காயை விற்றான். மீதி எத்தனை?" நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதையே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அதுவும் நடக்கவில்லை. 43 கழித்தல் 17 என்று எண்களாக எழுதியதும் உடனே 26 என்றான். அவனுக்குக் கழிக்கத் தெரியும். வாசிக்கத்தான் தெரியவில்லை, இரண்டு மொழியிலும்.

நோட்டில் எல்லாம் சரியாக இருந்ததற்குக் காரணம் பிறகு புரிந்தது. பலகையில் ஆசிரியை தீர்த்துக் காட்டிய கணக்கைப் பிள்ளைகள் அப்படியே எழுதியிருந்தார்கள். அவனே போட்ட கணக்கு என்று அந்த நோட்டில் ஒரு பக்கம்கூட இல்லை.

பத்துமலை அடிவாரம் | 16 அக்டோபர் 2024

அந்தப் பள்ளியின் பெயரைப் போடுங்கள் ஐயா. மற்றவர்கள் ஏமாறக் கூடாது.

பட்டர்வொர்த் கணக்காசிரியர் | 16 அக்டோபர் 2024

போட மாட்டேன். ஒரு பையனை வைத்து ஒரு பள்ளியைத் தீர்ப்பிட முடியாது.

நேற்று எழுதியதைப் பற்றியும் இரண்டாவது யோசனை வந்திருக்கிறது. அன்று நான் தங்கையிடம் கோபப்பட்டேன், பள்ளியை மாற்று என்றேன். அவள் கேட்டாள்: "இங்கே அரசுப் பள்ளியில் மூன்று வகுப்புக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே டீச்சர் அண்ணா. அங்கே போட்டிருந்தால் மட்டும் வாசித்திருப்பானா?" என்னிடம் விடை இல்லை. அவன் அரசுப் பள்ளிக்குப் போயிருந்தால் என்னவாகியிருப்பான் என்பதை யாரும் பார்க்கவில்லை. குலுக்கல் அந்தப் பார்க்க முடியாத பாதியைத்தான் 180 கிராமங்களில் பார்க்க வைத்தது. என் தங்கை வீட்டில் ஒரு பாதிதான் இருந்தது.

ஏர் ஈத்தாம் | 18 அக்டோபர் 2024

வாசிக்கத் தெரியாமல் போனதற்குப் பயிற்றுமொழி காரணமா என்பதை ஆந்திர ஆய்வும் தொட்டிருக்கிறது. தெலுங்கு வழியில் தொடங்கிய பிள்ளை ஆங்கில வழித் தனியார் பள்ளிக்கு மாறும்போது மற்ற பாடங்களில் சறுக்கல் ஏற்படுகிறது, தெலுங்கு வழித் தனியார் பள்ளிக்குப் போனவர்களுக்கு நன்மை கூடுதலாகத் தெரிகிறது என்கிறார்கள். ஆனால் எந்த மொழிவழிப் பள்ளி என்பதைக் குலுக்கல் முடிவு செய்யவில்லை. ஆகவே அது ஒரு சாடைதான், உறுதியான முடிவு அல்ல. அவர்களே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

பட்டர்வொர்த் கணக்காசிரியர் | 18 அக்டோபர் 2024, இரவு

அந்தச் சாடையை நான் எளிதில் தள்ள மாட்டேன். 2003இல் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னபோது நான் முதலாம் ஆண்டு வகுப்பில் இருந்தேன். வீட்டில் ஆங்கிலம் கேட்காத பிள்ளை முதலில் சொல்லைப் புரிந்துகொள்ளப் போராடும், கணக்கு அப்புறம்தான். நான் ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தமிழில் சொன்னேன். பிறகு அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. அந்தப் பாடங்களை ஆங்கிலத்தில் நடத்த அனுமதிக்கும் இருமொழிப் பாடத்திட்டம் 2016இல் வந்தபோது அதே சண்டை தமிழ்ப்பள்ளிகளில் மறுபடி நடந்தது.

வீட்டிலேயே ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு நான் சொல்வது பொருந்தாது.

பிறை வாசகர் | 19 அக்டோபர் 2024

எங்கள் வீட்டில் பிள்ளைகளோடு ஆங்கிலம்தான். ஆகவே எனக்குப் பொருந்தாது என்று எடுத்துக்கொள்கிறேன். இருந்தாலும் பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது, விளம்பரத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள் என்பதுபோல் பேசாதீர்கள். பணம் கட்டுகிறவன் பார்த்துத்தான் கட்டுகிறான்.

பட்டர்வொர்த் கணக்காசிரியர் | 20 அக்டோபர் 2024

பெற்றோருக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள அவர்களுக்கு எதுவும் கொடுக்கப்படுவதில்லை என்கிறேன்.

அதே பஞ்சாப் ஆய்வாளர்கள் 112 கிராமங்களை எடுத்து, பாதியில் ஒரு சிறு காரியம் செய்தார்கள். பிள்ளைகளுக்குத் தாங்களே தேர்வு வைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் உங்கள் பிள்ளையின் மதிப்பெண் இருந்தது, ஊரிலுள்ள எல்லாப் பள்ளிகளின் சராசரியும் இருந்தது. வேறொன்றும் செய்யவில்லை. அந்த ஊர்களில் தனியார் பள்ளிக் கட்டணம் 17 விழுக்காடு இறங்கியது. கற்றலும் உயர்ந்தது. மட்டமாக இருந்த தனியார் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் முன்னேறின. நல்ல தனியார் பள்ளிகள் தரத்தில் பெரிதாக மாறவில்லை, கட்டணத்தைக் குறைத்துக்கொண்டன.

பணம் கட்டுகிறவன் ஏற்கனவே சரியாகப் பார்த்திருந்தால், ஓர் அட்டைக்காகக் கட்டணம் ஏன் இறங்க வேண்டும்?

செந்தூல் அம்மா, நமக்கு அந்த அட்டை கிடையாது. நீங்களே ஒன்று தயாரிக்கலாம். இரண்டு பள்ளியின் கால அட்டவணையையும் வாங்கி, பாட வேளையை நிமிடமாக மாற்றிக் கூட்டுங்கள். அந்தப் பள்ளியின் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றின் கணக்கு நோட்டைக் கேளுங்கள். தவறான விடை இருக்கிறதா, அதைப் பிள்ளையே திருத்தியிருக்கிறதா என்று பாருங்கள். தவறே இல்லாத நோட்டைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். கல்வி அமைச்சின் பதிவுச் சான்றிதழையும் கேளுங்கள், சுவரில் மாட்டியிருக்க வேண்டும்.

செந்தூல் அம்மா | 2 நவம்பர் 2024

தீபாவளிக்கு மறுநாள் உட்கார்ந்து எண்ணினேன்.

தமிழ்ப்பள்ளியில் ஒரு பாட வேளை 30 நிமிடம். கணக்கு வாரத்துக்கு 6 வேளை, அதாவது 180 நிமிடம். ஆங்கிலம் 5 வேளை, 150 நிமிடம். மலாய் 10 வேளை, 300 நிமிடம்.

தனியார் பள்ளியில் ஒரு வேளை 40 நிமிடம். கணக்கு 4 வேளை, 160 நிமிடம். ஆங்கிலம் 10 வேளை, 400 நிமிடம். மலாய் 3 வேளை, 120 நிமிடம். தமிழ் இல்லை.

செலவு: மாதம் 650 என்றால் ஆண்டுக்கு 7,800. பதிவுக் கட்டணம் 1,200. புத்தகமும் சீருடையும் 900. முதல் ஆண்டில் 9,900 வெள்ளி. வேன் தேவையில்லை, நடந்தே போகலாம்.

சான்றிதழ் சுவரில் இருந்தது. நோட்டைக் காட்டத் தயங்கினார்கள், பிறகு ஒன்றைக் காட்டினார்கள். தவறுகள் இருந்தன, திருத்தமும் இருந்தது. ஆசிரியை இளையவர், அன்பாகப் பேசினார். வகுப்பில் 12 பேர்தான். என் மகள் வகுப்பில் 31 பேர். உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்துவிட்டது.

பட்டர்வொர்த் கணக்காசிரியர் | 2 நவம்பர் 2024, இரவு

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். அந்த நோட்டைப் பற்றி நான் நினைத்தது தவறாகப் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

கணக்கில் 20 நிமிடம்தான் குறைவு. 12 பேர் வகுப்பில் அது பெரிதல்ல. என் கண் மலாய் வரியில் நிற்கிறது. 300 நிமிடம் 120 ஆகிறது. அவள் இடைநிலைப்பள்ளி முடிவில் அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகிறாளா, வெளிநாட்டுப் பாடத்திட்டத் தேர்வு எழுதப்போகிறாளா? எஸ்.பி.எம். என்றால் மலாய்மொழியில் தேர்ச்சி பெறாமல் சான்றிதழே கிடையாது. ஆறாம் ஆண்டுக்குப் பிறகு அரசாங்க இடைநிலைப்பள்ளிக்கு அனுப்புவதாக இருந்தால், மூன்று ஆண்டு இழந்த மலாய் அங்கே முதல் நாளே தெரியும். வெளிநாட்டுத் தேர்வு என்றால் இடைநிலை முழுவதும் கட்டணம்தான், அதுவும் 650இல் நிற்காது. நீங்கள் முடிவெடுப்பது மூன்று ஆண்டுக்கு அல்ல, எட்டு ஆண்டுக்கு.

ஆங்கிலம் மட்டும்தான் குறை என்றால், எங்கள் பக்கத்தில் ஆங்கில டியூஷன் மாதம் 80 வெள்ளி, ஆண்டுக்கு 960. கோலாலம்பூரில் கூடுதலாக இருக்கலாம்.

ஏர் ஈத்தாம் | 3 நவம்பர் 2024

ஒன்று விட்டுப்போகிறது. ஆந்திராவிலும் பஞ்சாபிலும் கண்டதை அப்படியே செந்தூலில் பொருத்த முடியாது, இரண்டு பக்கமும். அரசுப் பள்ளி சமமாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது, தனியார் மேல் என்றும் சொல்ல முடியாது. அங்கிருந்து நாம் எடுத்து வரக்கூடியவை மூன்றே: விண்ணப்பித்தவர்களையே விண்ணப்பித்தவர்களோடு ஒப்பிட வேண்டும், நேரம் எங்கே போகிறது என்று எண்ண வேண்டும், குறைந்த செலவை யார் சுமக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அந்த இளம் ஆசிரியைக்கு என்ன சம்பளம் என்று கேட்டீர்களா? ஆண்டு நடுவில் அவர் போய்விட்டால் 12 பேர் வகுப்புக்கு மாற்று ஆசிரியர் யார்?

பத்துமலை அடிவாரம் | 3 நவம்பர் 2024

என் மகனுக்கு நாலாம் ஆண்டில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். அது சீனப்பள்ளி. ஆகவே எங்கும் நடக்கும்.

செந்தூல் அம்மா | 9 நவம்பர் 2024

சம்பளம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எத்தனை ஆண்டாக இங்கே வேலை செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஏழு மாதம் என்றார். அவருக்கு முன்பு இருந்தவர் ஓர் ஆண்டு இருந்தாராம்.

என் கணவர் எட்டு ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். மகளிடமும் கேட்டோம். தமிழ் வகுப்பு அங்கே இல்லையா என்று இரண்டு முறை கேட்டாள். பதிவுக்கு 30ஆம் தேதிவரை நேரம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆங்கில ஆசிரியரை அடுத்த வாரம் சந்திக்கிறேன். அவளுடைய ஆங்கில நோட்டை இதுவரை நான் திறந்தே பார்த்ததில்லை, முதலில் அதைப் பார்க்கப் போகிறேன்.

பட்டர்வொர்த் கணக்காசிரியர் | 9 நவம்பர் 2024, இரவு

பாருங்கள். ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, நடுவில் நிறுத்தி, என்ன நடந்தது என்று தமிழில் கேளுங்கள்.

தங்கை மகன் இப்போது எட்டாம் வகுப்பு. ஊரடங்கின்போது கட்டணம் கட்ட வேண்டாம் என்று தங்கையே அரசுப் பள்ளிக்கு மாற்றினாள். அந்த ஆண்டுகளில் இந்தியக் கிராமங்களில் நிறைய பேர் அப்படி மாறினார்கள். வாசிக்கிறானா என்று கேட்பீர்கள். வாசிக்கிறான். பள்ளி மாறியதாலா, இரண்டு ஆண்டு வீட்டிலிருந்தபோது தங்கை தினமும் செய்தித்தாளை வைத்து வாசிக்க வைத்ததாலா என்று கேட்டால், மறுபடியும் எனக்கு ஒரு பாதிதான் தெரியும்.